பாக்கத்தில் கடல் எங்கே?

போன மாதம் எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய பார்சல் சித்தாலப்பாக்கத்துக்குப் போய்விட்டது. "ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்றார் கொண்டுவந்த தம்பி. "இல்லப்பா. இது சிட்லபாக்கம், குரோம்பேட்டை பக்கம். அது மேடவாக்கம் தாண்டி" என்றேன். பார்சல் சாயங்காலம் வந்து சேர்ந்தது. ஆனால் அந்தப் பொது வால் மனதில் தங்கிவிட்டது. மேடவாக்கத்தில் இருப்பதும் அதே வால்தான், பகரம் வகரமாகியிருக்கிறது, அவ்வளவே.

நம்பியகப்பொருள் பட்டினத்தையும் பாக்கத்தையும் நெய்தல் நிலத்து ஊர்கள் என்கிறது. மருதத்துக்குப் பேரூர், மூதூர்; குறிஞ்சிக்குச் சிறுகுடி. இதை அப்படியே நம்பினால் சிட்லபாக்கத்தில் அலைச் சத்தம் கேட்க வேண்டும். கடலோ பல கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. தூத்துக்குடியோ கடற்கரையில் நிற்கிறது. பிற்காலத்தில் வந்த பாளையம் என்ற சொல் படை தங்கிய இடத்தைக் குறித்தது. நாயக்கர் காலப் பாளையக்காரர்களோடு அது பரவியது. ஆனால் இன்று மேட்டுப்பாளையத்தில் யாரும் படையைத் தேடுவதில்லை. ஊர்ப்பெயரின் வால், பெயர் வைத்த நாளில் இருந்ததைச் சொல்லலாம். இன்று இருப்பதைச் சொல்லாது.

அப்படியானால் எங்கள் பாக்கத்தில் அன்று என்ன இருந்தது? நடந்து பார்த்தால் தெரிகிறது: ஏரி. சிட்லபாக்கத்தில் ஏரி, அதன் உபரி நீர் போகும் செம்பாக்கத்தில் ஏரி, சித்தாலப்பாக்கத்திலும் ஏரி. அந்த உபரி கடைசியில் சேர்வது பள்ளிக்கரணைச் சதுப்பில். வற்றாத ஆறு இல்லாத இந்த நிலத்தில் மழைநீரைக் கரை கட்டி நிறுத்தி, கரைக்குக் கீழே வயலும் வீடும் வைத்தார்கள். எனக்குத் தோன்றுவது, இங்கே பாக்கம் என்பது தண்ணீரை ஒட்டிய குடியிருப்பு. கடலின் இடத்தில் ஏரி. ஆனால் பக்கத்துச் சேலையூருக்கும் ஏரி உண்டு. ஆகவே வால் ஒரு துப்பு மட்டுமே, சாட்சி அல்ல.

2015 டிசம்பரில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோதுதான் அந்தத் துப்பை முன்பே படித்திருக்கலாம் என்று உறைத்தது. மனைக்கு என்னமோ 'நகர்' என்று பெயர் வைத்துத்தான் விற்றார்கள். பத்திரத்தைப் பிரித்தால் பழைய கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் இருக்கும். அந்த எண்ணைக் கிராம வரைபடத்திலும் அ-பதிவேட்டிலும் தேடினால், அது பட்டா நிலமா, நீர்நிலைப் புறம்போக்கா என்று தெரியும். பக்கத்து எண்களையும் பார்க்க வேண்டும். கலங்கலிலிருந்து இறங்கும் கால்வாய் அங்கேதான் பதிவாகியிருக்கும். அது தரையில் இல்லாமல் போயிருந்தாலும் தாளில் இருக்கும்.

இந்தப் பக்கம் வீடு பார்க்கும் நண்பர்களிடம் இப்போது நான் விலை கேட்பதில்லை. "எந்தப் பாக்கம்? கரைக்கு மேலயா, கீழயா?" என்றுதான் கேட்கிறேன்.