விண்ணப்பக் கடிதம்: சில குறிப்புகள்

அமீர்பேட்டையில் ஹாஸ்டலில் தங்கி வேலை தேடுகிறாள் அக்கா மகள். மாதாப்பூர் கம்பெனி ஒன்றுக்கு வேர்டு கோப்பாகவே கடிதத்தை அனுப்பிவிட்டாள். பிறகு அதையே தோழியின் போனில் திறந்தால், கையெழுத்து மட்டும் இரண்டாம் பக்கத்தில் தனியாக நிற்கிறது. "லேப்டாப்ல ஒரே பக்கம்தானே மாமா இருந்துச்சு?"

காரணம் எழுத்துரு. அவள் எழுதியது காலிப்ரி. 2007 முதல் பல ஆண்டுகள் வேர்டு தானாகவே தந்துவந்த எழுத்து அது. பல ஆண்ட்ராய்டு போன்களில் அது கிடையாது. போன் தன்னிடமுள்ள வேறொன்றைப் போட்டுவிடுகிறது. அந்த எழுத்து சற்றே அகலமானதாக இருந்தால் போதும், வரிகள் மடங்கி, கடைசி வரிகள் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படும்.

*

பிடிஎஃப் என்றால் எழுத்துருவும் கோப்போடு கூடவே போகும். போனதா என்று பார்த்துவிடுவது நல்லது. அக்ரோபேட் ரீடரில் `File > Properties > Fonts`. ஒவ்வொரு எழுத்துருவின் பக்கத்திலும் `Embedded Subset` என்றோ `Embedded` என்றோ இருக்க வேண்டும்.

வேர்டில் `Save As` கொடுத்து பிடிஎஃப் ஆக்கவேண்டும். `Microsoft Print to PDF` வழியாகப் போனால் மின்னஞ்சல், லிங்க்ட்இன் இணைப்புகள் செத்துவிடும். அச்சிட்ட தாளைப் போனில் ஸ்கேன் செய்து அனுப்புவது இன்னும் மோசம்: அது வெறும் படம், பெயரைத் தேடினாலும் கிடைக்காது. விரலை அழுத்திப் பிடித்து ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

*

ஓரம். ஒரே பக்கத்தில் அடக்க எல்லோரும் முதலில் கைவைப்பது இதில்தான். எனக்கு உடன்பாடில்லை.

ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. போன் திரை சுமார் 7. முழுப் பக்கமும் தெரியும்போது 11 பாயிண்ட் எழுத்து மூன்றில் ஒன்றாகி, 4 பாயிண்டுக்கும் கீழே போய்விடும். படிப்பவர் போனைக் கிடையாகத் திருப்பி (சுமார் 15 செ.மீ.), எழுத்துப் பகுதி மட்டும் திரையை நிரப்பும்படி பெரிதாக்குவார். இரு பக்கமும் 2.5 செ.மீ. ஓரம் விட்டிருந்தால் வரியின் நீளம் 16 செ.மீ.; எழுத்து ஏறக்குறைய 10 பாயிண்டாகத் தெரியும். ஓரத்தைப் பாதியாக்கினால் வரி 18.5 செ.மீ. ஆகும், எழுத்து 9-க்கும் கீழே இறங்கும். ஓரத்தைக் குறைத்தால் எழுத்தும் சிறுக்கிறது. இடம் போதவில்லையா, ஒரு பத்தியை வெட்டு என்றேன்.

இரு பக்கமும் நேராக்கும் `Justify` வேண்டாம். நீளமான தொழில்நுட்பப் பெயர்கள் வரும் வரிகளில் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

*

கோப்பின் பெயர்: `Kavitha_S_Cover_Letter.pdf`. ஆள் பெயர் முன்னால், ஏனென்றால் போனில் நீளமான பெயரின் வால் பெரும்பாலும் வெட்டுப்படும். `final2` எல்லாம் நம் கணினியோடு நிற்கட்டும்.

இதைப் பலர் கவனிப்பதில்லை: குரோமில் பிடிஎஃப் திறந்தால் மேலே தாவலில் தெரிவது கோப்பின் பெயரல்ல, உள்ளே பதிந்திருக்கும் தலைப்பு. யாரோ கொடுத்த டெம்ப்ளேட்டில் எழுதினால் அந்தப் பழைய தலைப்பே அங்கே நிற்கக்கூடும். வேர்டில் `File > Info` போய் `Title` இடத்தில் தன் பெயரை எழுதி, பிறகு பிடிஎஃப் ஆக்கச் சொன்னேன்.