படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம்

நெடுநாள் படுக்கையிற் கிடப்பவருக்குத் தோலின்மேற் புண் தெரியுமுன்பே ஊறு தொடங்கிவிடுகின்றது. எலும்புக்கும் மெத்தைக்கும் இடையில் நசுங்கும் தசைக்கு இரத்தம் செல்லாது. முதுகின் அடி, இடுப்பின் பக்கம், குதிகால் ஆகியனவே இதற்கு முதலில் இலக்காகின்றன.

இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை பெற்று வீடு திரும்பிய எம் ஆச்சியின் முதுகடியில், ஐந்தாம் நாட் காலை, உள்ளங்கையளவு இடம் கறுத்துத் தோன்றியது. உறவினரொருவர் எண்ணெய் தேய்க்க முன்வந்தார். பார்க்க வந்த தாதி அதனைத் தடுத்தார். நலிந்த தசையைத் தேய்த்தால் அது மேலும் சிதையும் என்றார். பின்னர் அவ்விடத்தை விரலால் மெல்ல அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் வெளிறிப் பின் பழைய நிறம் பெறுமாயின் இரத்தம் ஓடுகின்றது. வெளிறாது நிற்பின் அதுவே முதற்படி. எம்மவரின் கருநிறத் தோலில் இந்த வெளிறல் எளிதிற் புலப்படாது. ஆதலால் அவர் புறங்கையால் அயலிடத்தோடு ஒப்பிட்டுத் தொட்டார். அவ்விடம் சூடாகவும் இறுகியும் இருந்தது. ஆச்சிக்கு நோவும் இருந்தது. இஃது முதற்படி எனக் கூறினார்.

தோல் உரிந்து, ஆழமற்ற இளஞ்சிவப்புப் புண்ணோ நீர்க்கொப்புளமோ தோன்றினால் இரண்டாம் படி. கொழுப்புத் தெரிந்தால் மூன்றாம் படி. தசையோ எலும்போ தெரிந்தால் நான்காம் படி. மஞ்சளோ கருமையோ படர்ந்து அடியை மூடியிருந்தால் ஆழத்தைக் கணிக்க இயலாது.

முதற்படிக்கு மருந்து, அமுக்கத்தை நீக்குதலே. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆச்சியைப் புரட்டினோம். முழுப்பக்கமாகக் கிடத்தாது, முதுகுக்குப் பின்னே தலையணை வைத்து 30 பாகை அளவே சரித்தோம். அப்போது இடுப்பெலும்பின்மேற் பாரம் விழாது. கெண்டைக்காலின் கீழ்த் தலையணை வைக்கக் குதிகால் மெத்தையிற் படாது நின்றது. கட்டிலின் தலைப்பக்கத்தை, உணவு வேளை தவிர, 30 பாகைக்கு மேல் உயர்த்தவில்லை. உயர்த்தினால் உடல் வழுக்கி, உள்ளே தசை இழுபடும். வளைய மெத்தை வேண்டா என்றார் தாதி. அதன் விளிம்பே இரத்தத்தைத் தடுக்கும். நான்காம் நாள் இறுக்கம் தளர்ந்தது.

இரண்டாம் படிப் புண்ணாயின் சேலைன் நீராற் கழுவி, ஈரத்தைப் பேணும் ஹைட்ரோகொலொயிட் கட்டோ, நீர் ஊறுமாயின் நுரைக் கட்டோ இடுவர். புதிய தோல் ஈரப்பரப்பிலேதான் விரைந்து படரும். பவுடர் தூவிக் காயவிடுதல் ஆறுதலைத் தாமதிக்கும். குதிகாலில் உலர்ந்து உறுதியாய் ஒட்டிய கரும்பொருக்கை உரிக்கலாகாது. துர்நாற்றம், சீழ், பரவும் சூடு, காய்ச்சல் கண்டால் வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

இரண்டு மணித்தியாலம் எல்லார்க்கும் ஒரே அளவன்று. புரட்டி அரை மணித்தியாலம் கழிந்தும் அடையாளம் மறையாதிருப்பின், அப்பக்கம் படுக்கவிடாது, இடைவெளியையும் குறைத்தல் வேண்டும்.