வொஷிங் மெஷினை வாங்கியது யார்?



வெளிவாரிப் பட்டப்படிப்பில் இம்முறை எனக்குக் கிடைத்த ஒப்படை நுகர்வோர் நடத்தை பற்றியது. ஒரு குடும்பம் அண்மையில் வாங்கிய பொருளொன்றை எடுத்து, அந்த முடிவில் யார் யாருக்கு என்ன பங்கு இருந்தது என்று எழுத வேண்டும். நான் எடுத்தது எங்கள் ராத்தா வீட்டு வொஷிங் மெஷினை. அவவிடம் கேட்டுத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

பாடத்தின்படி ஒரு வீட்டுக் கொள்வனவில் பல பாத்திரங்கள் உண்டு. பேச்சைத் தொடங்கி வைப்பவர், செல்வாக்குச் செலுத்துபவர், தீர்மானிப்பவர், கடைக்குப் போய் வாங்குபவர், பாவிப்பவர். ஒருவரே இரண்டு மூன்று பாத்திரங்களாக இருக்கலாம். ஆனால் வெளிநாட்டு உழைப்பில் ஓடும் நம் வீடுகளில் இவை அநேகமாக ஆளுக்கொன்றாகப் பிரிந்துவிடுகின்றன.

ராத்தா வீட்டில் பேச்சைத் தொடங்கியது உயர்தரம் படிக்கும் மகள். கூட்டாளி வீட்டில் மெஷின் வந்ததைப் பார்த்துவிட்டு வந்தவள். தீர்மானித்தது கட்டாரில் இருக்கும் மச்சான். அவருடைய அறைத் தோழர்கள் எல்லோரும் வீட்டுக்கு எடுத்துக் கொடுத்தது முன்பக்கம் கதவுள்ள முழு ஓட்டோமெட்டிக். கடைக்குப் போனது தம்பி. படம் அனுப்பினான், அங்கிருந்து "அதையே எடு" என்று பதில் வந்தது. பாவிக்கப்போகும் ராத்தா கேட்டது ஒரேயொரு கேள்விதான்: "நம்மட டேங்க் தண்ணிக்கு இது ஓடுமா?" அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மெஷின் வந்தது. தண்ணீர் எடுக்க நீண்ட நேரம் இழுத்தது, பிறகு பிழைக் குறியீடு காட்டி நின்றது. மெஷினில் குறையில்லை. பத்து மீற்றர் உயரத்தில் நிற்கும் தண்ணீருக்குத்தான் ஏறத்தாழ ஒரு பார் அமுக்கம் இருக்கும். ராத்தா வீட்டுத் தாங்கி, குழாய்வாயை விட எட்டு அடிதான் உயரம். அது கால் பாருக்கும் குறைவு. கையேட்டில் கேட்டிருந்ததோ குறைந்தது அரை பார். கடைசியில் அமுக்கப் பம்பு ஒன்றும் வாங்கிப் பூட்ட வேண்டி வந்தது. வாளியால் தண்ணீர் ஊற்றி ஓட்டக்கூடிய இரட்டைத் தொட்டி மெஷின் அதே கடையில் குறைந்த விலைக்கு இருந்தது.

இங்கே மச்சானைக் குறை சொல்ல எதுவுமில்லை. நாம் யாரைப் பார்த்து நம்மை அளந்துகொள்கிறோமோ, அவர்களைத்தான் பாடம் உசாத்துணைக் குழு என்கிறது. அந்தக் குழு இரண்டு விதமாக நம்மைத் தொடும். ஒன்று, தகவல் தரும். மற்றது, அவர்களுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தைத் தரும். மச்சானுக்குக் கிடைத்தது பெரும்பாலும் இரண்டாவது. தன் வீட்டாருக்கும் நல்லதைக் கொடுக்க வேண்டும் என்ற பாசமும் அதில் இருந்தது. ஆனால் அந்த அறையில் இருந்த யாருக்கும் ராத்தா வீட்டுத் தாங்கியின் உயரம் தெரியாது.

அப்படியானால் யாரிடம் கேட்பது? இதற்குப் பாடம் தரும் சொல் அபிப்பிராயத் தலைவர். பெயரைக் கேட்டதும் ஊரில் பெரிய மனிதர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். எலிஹு காட்ஸ், போல் லாசர்ஸ்பெல்ட் இருவரும் அமெரிக்காவில் டிகேட்டர் என்ற நகரத்துப் பெண்களிடம் எடுத்த ஆய்வு 1955இல் நூலாக வந்தது. அங்கே கண்டது வேறு. உடை விடயத்தில் இளம் பெண்களிடம் கேட்டார்கள். வீட்டுச் சாமான் விடயத்தில் பெரிய குடும்பம் நடத்தும் தாய்மாரிடம் கேட்டார்கள். வசதி படைத்தவர்களிடம் மட்டுமல்ல, எல்லா மட்டத்திலும் இப்படியானவர்கள் இருந்தார்கள். ஒன்றில் சொல் செல்லுபடியானவரின் சொல் மற்றதிலும் செல்லுபடியாக வேண்டுமென்றில்லை.

ராத்தா வீட்டுக்கு அப்படி இரண்டு பேர் கைக்கெட்டிய தூரத்திலேயே இருந்தார்கள். ஒருவர், ஆறு பிள்ளைகளின் உடுப்பை அதே மாதிரித் தாங்கித் தண்ணீரில் மெஷின் போட்டுத் துவைக்கும் பக்கத்து வீட்டு மாமி. மற்றவர், மெஷின் திருத்தும் காக்கா. எந்த மெஷின் எதனால் தன்னிடம் வருகிறது, எதற்கு உதிரிப்பாகம் கிடைக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. பம்பு பூட்ட வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வியே தாங்கி எத்தனை அடி உயரம் என்பதுதான். கடையில் யாரும் அதைக் கேட்கவில்லை.

ஒருவரின் சொல்லை எடைபோட இதுவே நல்ல அடையாளம் என்று எனக்குப் படுகிறது. பொருளைப் புகழ்வதற்கு முன் உங்கள் வீட்டைப் பற்றிக் கேட்கிறாரா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை: படத்தைப் பார்த்து "எடு" என்று சொல்ல முன், போனைப் பாவிக்கப்போகிறவரின் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அவவிடம் ஒரு கேள்வி இருக்கும்.