மனத்தில் பதிந்ததும் வாயில் வருவதும்

நாக்பூரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் மகள் அவள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். அடுத்தது போபாலில் ஐந்து நாள் நடைபெறும் தெரிவு. எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண். இத்தெரிவுக்கும் அதே 900. அதில் ஒரு பகுதி, அதிகாரி ஒருவருடன் தனித்து அமர்ந்து பேசும் நேர்காணல்.

அவள் நாற்பது வினாக்களுக்கு விடை எழுதி மனப்பாடம் செய்திருந்தாள். இராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற தாய்மாமன் ஒருநாள் மாலை அவளை எதிரே அமர்த்தி, “இராணுவத்தில் ஏன் சேர விரும்புகிறாய்?” என்று வினவினார்.

“ஒழுக்கம், தலைமைப் பண்பு, நாட்டுப்பற்று ஆகியவற்றை வளர்த்துக்கொள்ளும் அரிய வாய்ப்பினை இராணுவம் அளிப்பதால்...”

மாமா இடைமறித்தார். “தலைமைப் பண்பு என்றாயே, அதை எங்கே கண்டாய்?”

அவள் திகைத்தாள். பிறகு “ஒழுக்கம், தலைமைப் பண்பு...” என்று தொடக்கத்திற்கே திரும்பினாள்.

“இதுதான் அடையாளம், அம்மா,” என்றார் மாமா. “வரி வரியாகப் பதித்த விடையில் ஒரு சொல்தான் அடுத்த சொல்லை இழுத்து வருகிறது. நடுவில் அறுந்தால் முதலிலிருந்தே வர வேண்டியிருக்கிறது. விடை தெரிந்தவள் நடுவிலிருந்தும் பேசுவாள்.”

“அப்படியானால் மனப்பாடம் செய்யவே கூடாதா, மாமா?”

“செய்திகளைப் பதித்துக்கொள், வாக்கியங்களைப் பதிக்காதே. சரி, தேசிய மாணவர் படை முகாமில் மழை பெய்ததாகச் சொன்னாயே, அந்தக் கதையைச் சொல்.”

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். பத்து நாள் முகாமில் நான்காம் இரவு. கூடாரத்திற்குள் நீர் புகுந்தது. எட்டுப் பேரின் படுக்கைகளும் நனையத் தொடங்கின. அவள் இருவரை வாய்க்கால் வெட்ட அனுப்பினாள். மற்றவர்களோடு படுக்கைகளைப் பெட்டிகளின் மேல் அடுக்கினாள். காய்ச்சலில் இருந்த சிறுமியைப் பக்கத்துக் கூடாரத்தில் படுக்க வைத்தாள்.

“இப்போது உன் குரல் ஏறியது, இறங்கியது, ‘அந்தச் சிறுமி’ என்னும்போது நின்று யோசித்தாய். சற்றுமுன் எல்லாச் சொற்களும் ஒரே சீராக வந்தன. வினாவுக்கு விடை இந்தக் கதையிலேயே இருக்கிறது,” என்றார் மாமா.

அன்றே அவர் பழகும் முறையை மாற்றினார். நாற்பது விடைகளையும் ஓரமாக வைத்துவிட்டு, விடைக்கு ஓர் அட்டையில் மூன்றே குறிப்புகள் எழுதச் செய்தார். முகாம் விடைக்கு அவள் எழுதியவை: மழை, வாய்க்கால், காய்ச்சல். அட்டையைப் பார்த்து அதே செய்தியைப் பாட்டியிடம் தமிழிலும், பக்கத்து வீட்டுத் தோழியிடம் இந்தியிலும், அண்ணனிடம் ஆங்கிலத்திலும் சொன்னாள். பாட்டிக்கு முகாம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருந்தது. அண்ணனுக்கு அது தேவைப்படவில்லை. கேட்பவருக்கேற்பச் சொற்கள் மாறின. மூன்று செய்திகளும் மாறவில்லை. வாக்கியங்களும் குறுகின. ‘ஆகியவற்றை’, ‘அளிப்பதால்’ என்று நீண்டதெல்லாம் “அன்று ஒன்று தெரிந்தது. யாராவது முதலில் நகர்ந்தால் மற்றவர்களும் நகர்கிறார்கள். அந்த வேலையைச் செய்யவே விரும்புகிறேன்” என்று முடிந்தது.

அடுத்த வாரம் மாமா வேண்டுமென்றே இடைமறித்தார். “வாய்க்கால் எந்தப் பக்கம்?” “மேட்டுப் பக்கம், ஐயா. நீர் அங்கிருந்துதான் வந்தது.” அவள் தடுமாறவில்லை. பின்பு அவர் பல வினாக்களை ஒரே மூச்சில் தொடுத்தார்: பத்தாம் வகுப்பில் பெற்ற மதிப்பெண், பிடித்த ஆசிரியர், கடினமான பாடம், நண்பர்கள், ஓய்வு நேரம். இத்தகைய தொடர் வினாவுக்கு எழுதிவைத்த விடை உதவாது. அவள் கேட்ட வரிசையிலேயே சொல்லி வந்து, இறுதியில் நின்றாள். “கடைசி வினாவை மறந்துவிட்டேன், ஐயா. மீண்டும் சொல்வீர்களா?” மாமா அதைக் குறையாகக் கொள்ளவில்லை, உண்மையான உரையாடலிலும் மனிதர் அப்படித்தான் கேட்பர் என்றார்.

ஒன்றில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் நாளில் நிரப்பும் தன்விவரப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதிகாரி கேட்பார். மதிப்பெண், முகாம் நடந்த ஆண்டு, தந்தையின் பணி ஆகியவை எழுத்துப் பிசகாமல் நினைவில் இருக்க வேண்டும். இயல்பாகப் பேசுவது என்பது தோழியிடம் பேசுவதைப் போன்று பேசுவதன்று. நிமிர்ந்து அமர்ந்து, மரியாதை குன்றாமல், தன் செய்தியைத் தன் சொற்களில் சொல்வதே அது.

பயிற்சி
1. இடைமறித்தபோது மாணவி ஏன் தொடக்கத்திற்கே திரும்பினாள்?
2. நீ பங்கேற்ற நிகழ்ச்சி ஒன்றுக்கு மூன்று குறிப்புகள் எழுதுக. அதை வீட்டில் இருவரிடம் தனித்தனியே சொல்லி, எந்தச் சொற்கள் மாறின என்பதைக் குறித்து வருக.