இவ்வளவு நேரம் நிண்டிட்டம், இனி வந்திடும்

பஸ்ஸுக்கு நிற்கிற நாங்கள் எல்லாரும் ஒருநாளாவது சொல்லியிருப்பம்: "இவ்வளவு நேரம் நிண்டிட்டம், இனி வந்திடும்." காத்திருந்த நேரம் எங்கட கணக்கில் வரவாகச் சேருது எண்ட நம்பிக்கை அது. நேரசூசிப்படி சரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் நம்பிக்கை சரிதான். எட்டு நிமிடம் நின்றவருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் மிச்சமில்லை.

எங்கட சந்திகளில் கதை வேற. டவுனுக்குப் போகிற பஸ்கள் பல ஊர்களில் இருந்து பல பாதைகளால் வந்து ஒரே வீதியில் ஏறுகின்றன. ஒன்று பிந்துவதற்கும் மற்றது பிந்துவதற்கும் பெரிதாகத் தொடர்பில்லை. இப்படிப் பல வரிசைகள் கலந்தால், ஒவ்வொன்றும் ஓரளவு நேரத்துக்கு ஓடினாலும், சந்தியில் இடைவெளிகள் ஒழுங்கில்லாமல்தான் இருக்கும். அந்த ஒழுங்கின்மையை அடுக்குக்குறிப் பரம்பல் நன்றாகவே பிடிக்கும். சராசரி இடைவெளி 10 நிமிடம் என்று வைப்பம். t நிமிடத்துக்குள் பஸ் வருவதற்கான நிகழ்தகவு இதுதான்:

1 − e^(−t/10)

ஐந்து நிமிடத்துக்குள் வர 39 வீதம், பத்துக்குள் 63 வீதம், இருபதுக்குள் 86 வீதம்.

இனித்தான் விசயம். 1000 காலைகள் இப்படி நிற்கிறம் என்று நினைச்சுப் பாருங்கோ. இருபது நிமிடம் கழிந்தும் பஸ் வராத காலைகள் ஏறத்தாழ 135. அதில் 53 காலைகளில் அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் பஸ் வரும். 135இல் 53 என்பது 39 வீதம். சந்திக்கு வந்த முதல் நிமிடத்தில் இருந்த அதே 39! இருபது நிமிடம் வெயிலில் நின்றவருக்கும் இப்பதான் வந்து சேர்ந்தவருக்கும் ஒரே வாய்ப்பு. எவ்வளவு நேரம் நின்றோம் என்பதை இந்தப் பரம்பல் நினைவில் வைப்பதில்லை. அதனால்தான் இதை நினைவற்ற பண்பு என்கிறார்கள்.

இது சும்மா புதினமில்லை. பரீட்சை 8.30க்கு. நடந்தால் 25 நிமிடம், பஸ்ஸில் 10 நிமிடம். எட்டு மணிக்குச் சந்திக்கு வருகிறம். 8.05 வரை நிற்பதால் நட்டமில்லை. அதற்குள் பஸ் வந்தால் லாபம், வராவிட்டால் நடந்தும் 8.30க்குப் போய்ச் சேரலாம். 8.05 ஆகியும் வரவில்லை என்றால் என்ன செய்யிறது? தொடர்ந்து நின்றால் பஸ் 8.20க்குள் வரவேணும். 15 நிமிடத்துக்கான நிகழ்தகவு 78 வீதம். அதாவது ஐந்து தடவை இப்படி நின்றால் ஒரு தடவையாவது பிந்துவம் என்று எதிர்பார்க்கவேணும். சாதாரண வகுப்பென்றால் நிற்கலாம், பரீட்சையென்றால் நடக்கவேணும். "ஐஞ்சு நிமிசம் நிண்டது வீணாப்போகுமே" எண்ட யோசனைக்கு இந்தக் கணக்கில் இடமேயில்லை. 8.15 வரை இழுத்தால் நடக்கிற வழியும் போயிடும், கையில் மிஞ்சுவது திரும்பவும் அந்த 39 வீதம்தான்.

எங்கட சந்தி உண்மையில் இப்படியா என்று பார்க்கலாம். வழக்கமாக நிற்கிற நேரத்தில், சில நாட்களாக, பஸ் வருகிற நேரங்களைப் போனில் குறியுங்கோ. முப்பது இடைவெளி அளவில் சேர்ந்ததும் இடையையும் நியம விலகலையும் எடுங்கோ. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவென்றால் சந்தி நினைவற்ற வகைக்குப் பொருந்துது. நியம விலகல் நல்லாச் சிறிதென்றால் பஸ் நேரசூசியை மதிக்குது, "இனி வந்திடும்" என்பது அங்கே பலிக்கும். பெரிதென்றால் பஸ்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாகக் கூட்டமாக வந்து பிறகு காணாமல் போகின்றன.

இன்னொரு நிலைமையில் காத்திருப்பு எங்களுக்கு எதிராகவே திரும்பும். பொழுதுபட்ட நேரம், கடைசி பஸ் போயிருக்கலாம் என்று பத்தில் ஒரு பங்கு சந்தேகம் இருக்குது என்று வைப்பம். 1000 மாலைகளில் 100இல் பஸ்ஸே இல்லை. மிச்சம் 900இல் இருபது நிமிடம் தாண்டியும் நிற்கிறது 122. அப்ப இருபதாவது நிமிடத்தில் நாங்கள் நிற்கிற 222 மாலைகளில் 100இல் பஸ் வரவே வராது. பத்து வீதமாகத் தொடங்கின சந்தேகம் 45 வீதமாக வளர்ந்திட்டுது. இங்கே கழிந்த நேரம் ஒன்றைச் சொல்லுது: நிற்க நிற்க, பஸ் இல்லை எண்ட பக்கம்தான் தராசு சாயுது. இருட்டுகிற நேரத்தில் இருபது நிமிடம் நின்றிட்டம் என்றால், அதுவே வீட்டுக்கு ஒரு கோல் எடுக்கக் காரணம்.