23 புள்ளிகள்

ஒரு படிகத்தின் ஸ்பேஸ் குரூப்பைத் தப்பாகப் போட்டு, அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டேன். கவனக்குறைவு என்று பிற்பாடு பலரிடம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மைதான். அந்தப் படிகம் P2₁ ஆக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. அந்த ஆசைக்கு ஏற்ற சாட்சியைத்தான் தேடிப் பிடித்தேன்.

ஆசைக்குக் காரணம் பச்சை ஒளி. 1064 நானோமீட்டர் லேசரை உள்ளே விட்டால் 532 நானோமீட்டர் பச்சையாக வெளியே அனுப்பும் கரிமப் படிகங்களைத் தமிழ்நாட்டில் எத்தனையோ ஆய்வகங்கள் பீக்கரில் வளர்த்துக்கொண்டிருக்கின்றன. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். இந்த வேலைக்கு ஒரு நிபந்தனை உண்டு: படிகத்துக்குச் சமச்சீர் மையம் இருக்கக் கூடாது. இருந்தால் எதிரெதிராக நிற்கும் மூலக்கூறுகள் ஒன்றின் விளைவை மற்றொன்று அழித்துவிடும், பச்சை வராது. P2₁-க்கு அந்த மையம் கிடையாது. P2₁/c-க்கு உண்டு. இரண்டுக்கும் இடையில் இருக்கிற ஒரே வேறுபாடு, c திசையில் சறுக்கும் ஒரு கிளைடு தளம். திருகு அச்சோடு அந்தத் தளமும் சேர்ந்தால் மையம் தானாக வந்துவிடும். ஆகவே என் கட்டுரையின் தலையெழுத்தே அந்தத் தளம் இருக்கிறதா, இல்லையா என்பதில் இருந்தது.

ஈர மணலில் நடந்தவரின் காலடித் தடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வலது தடத்தைக் கண்ணாடியில் திருப்பி, ஓர் எட்டு முன்னே தள்ளினால் இடது தடம். கிளைடு செய்வதும் அதுதான்: ஒரு தளத்தில் பிரதிபலித்து, c நீளத்தில் பாதி நகர்த்துகிறது. (x, y, z) என்ற அணுவுக்கு (x, ½−y, z+½) என்று ஒரு ஜோடி கிடைக்கிறது. இப்போது k சுழியாக இருக்கும் புள்ளிகளை, அதாவது h0l புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவற்றுக்கு y கண்ணுக்கே தெரியாது. அணுக்களை b வழியாக மேலிருந்து பார்க்கும் பார்வை அது. அப்படிப் பார்க்கையில் ஜோடியின் இரு அணுக்களும் c-யில் பாதித் தூரம் தள்ளி நிற்கும் ஒரே அணுவைப் போலத் தெரிகின்றன. l இரட்டைப்படையானால் இரண்டின் அலைகளும் சேர்ந்து வரும். ஒற்றைப்படையானால் ஒன்றின் முகடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து முழுசாக அழியும். இதைத்தான் சிஸ்டமேட்டிக் ஆப்சன்ஸ் என்கிறோம். அணு எங்கே இருந்தாலும், என்ன அணுவாக இருந்தாலும், அந்தப் புள்ளி வராது.

C மையம் கொண்ட அணிக்கோவையில் இதே அழிப்பு எல்லாப் புள்ளிகளுக்கும் நடக்கும். (x+½, y+½, z)-இல் ஒரு நகல் இருப்பதால் h+k ஒற்றைப்படையான எதுவும் வராது. மொத்தப் புள்ளிகளில் சரிபாதி காணாமல் போகிற விஷயம் என்பதால் அதைத் தவறவிடுவது கடினம். கிளைடு ஒரு தளத்துப் புள்ளிகளில் மட்டும்தான் பேசும். திருகு அச்சுக்கு ஒரே ஒரு கோடு, 0k0. சாட்சிகளின் எண்ணிக்கை இப்படிக் குறைந்துகொண்டே வருகிறது. என் படிகத்தில் திருகு அச்சுக்குச் சாட்சி சொல்ல ஆறு புள்ளிகள்தான் இருந்தன. அந்த ஆறையும் மறுபேச்சில்லாமல் நம்பினேன். கிளைடுக்கு இருநூறுக்கு மேல் சாட்சிகள் இருந்தும் நம்பவில்லை. அந்த முரண் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

XPREP காட்டிய அட்டவணை ஏறக்குறைய இப்படி இருந்தது:

```
           -21-    -a-    -c-    -n-
N             6    212    214    210
N I>3s        0    109     23    108
<I>         0.2   61.4    0.9   60.8
<I/s>       0.4   14.9    1.3   14.7
```

ஒவ்வொரு பத்தியும் ஒரு கேள்வி. அந்தச் சமச்சீர் உண்மையென்றால் மறைந்திருக்க வேண்டிய புள்ளிகள் எத்தனை, அவற்றில் பிழையின் மூன்று மடங்கைத் தாண்டி நிற்பவை எத்தனை, சராசரிச் செறிவு என்ன? a-வும் n-உம் இல்லை என்பது தெளிவு, செறிவு அறுபதைத் தொடுகிறது. c-யில் சராசரி ஒன்றுகூட இல்லை. என்னோடு அமர்ந்திருந்த ஆய்வு மாணவி, "சார், c கிளைடு இருக்கிற மாதிரி தெரியுது சார்" என்றாள். நான் 23-ஐ விரலால் தட்டினேன். "இல்லாத புள்ளி இல்லாமல்தான் இருக்கணும். இருபத்து மூணு இருக்கே?" என்றேன். கேட்பதற்குக் கறாரான விஞ்ஞானியின் பேச்சு. அவள் பிறகு பேசவில்லை.

P2₁-இல் கட்டமைப்பைத் தீர்த்தபோது படிகமே எதிர்ப்புத் தெரிவித்தது. அலகுக்கூட்டில் நான்கு மூலக்கூறுகள். P2₁ இரண்டுக்குத்தான் இடம் தரும். அதனால் ஒன்றையொன்று சாராத இரு மூலக்கூறுகளை வைத்தேன். பென்சீன் வளையத்தில் 1.39 ஆங்ஸ்ட்ராம் இருக்க வேண்டிய பிணைப்புகள் ஒன்றில் 1.33, பக்கத்தில் 1.46 என்று இழுபட்டன. ஒரு மூலக்கூறில் நீண்ட பிணைப்பு மற்றதில் குறுகியிருந்தது. இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லி இரண்டையும் தனித்தனியாகச் சீர்செய்யும்போது கணக்கு இப்படித்தான் தள்ளாடும். |E²−1| என்ற புள்ளியியல் எண் 0.95 காட்டியது. சமச்சீர் மையம் இருந்தால் அது 0.968-ஐயும், இல்லாவிட்டால் 0.736-ஐயும் ஒட்டி வர வேண்டும். பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த திரைக்குப் போனேன். R மதிப்பு P2₁/c-யைவிட P2₁-இல் கொஞ்சம் குறைவு என்பதை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டேன். அளவுருக்களை இரட்டிப்பாக்கினால் எந்த R-உம் குறையும் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவன் நான்.

அடுத்தது வெட்கமான பகுதி. PLATON-இன் ADDSYM சோதனை, விட்டுப்போன சமச்சீர் இருப்பதாகச் சொல்லி P2₁/c-யைப் பரிந்துரைத்து எச்சரித்தது. பத்திரிகைக்கு அனுப்பும்போது இதற்கு விளக்கம் எழுத வேண்டும். நான் எழுதினேன்: போலிச் சமச்சீர், c கிளைடை மீறும் புள்ளிகள் உள்ளன, ஆகவே P2₁. மூன்று வாக்கியமும் பார்க்கக் கச்சிதம். பொடிச் சோதனையில் பச்சை தெரிந்ததா என்றால், இருட்டறையில் நான் பார்த்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒளிப்பெருக்கிக் குழாயை வைத்து அளக்காமல் "மங்கலான உமிழ்வு" என்று எழுதினேன். கட்டுரை வெளியானது.

சில மாதங்கள் கழித்து ஒரு வாசகர் என் hkl கோப்பைக் கேட்டார். அனுப்பினேன். திரும்பி வந்தது ஒரு சிறு பட்டியல். இடப்பக்கம் என் 23 புள்ளிகள். வலப்பக்கம் ஒவ்வொன்றின் குறியீட்டெண்களையும் இரட்டித்தால் வரும் புள்ளி. 1 0 3-க்கு எதிரே 2 0 6. முதலாவதன் செறிவு 18, இரண்டாவதன் செறிவு 9000. அடுத்த வரியிலும் ஏறக்குறைய அதே விகிதம், ஆயிரத்துக்கு இரண்டு. அதற்கடுத்ததிலும் அப்படியே. கீழே ஒரு கேள்வி: உங்கள் குழாய் எத்தனை கிலோவோல்ட்டில் ஓடியது?

50. அந்த எண்ணிலேயே முழுக் கதையும் இருந்தது. மாலிப்டினம் குழாயிலிருந்து நமக்கு வேண்டியது 0.7107 ஆங்ஸ்ட்ராம் அலை. கிராஃபைட் மோனோகுரோமேட்டர் அதைப் பிரித்துத் தருகிறது; ஆனால் அதே கோணத்தில் அதன் பாதி அலைநீளத்தையும், 0.355-ஐயும், உள்ளே விட்டுவிடும். 2 0 6-இன் தள இடைவெளி 1 0 3-இன் இடைவெளியில் சரிபாதி. பாதி இடைவெளியில் பாதி அலைநீளம் பட்டால் பிராக் கோணம் மாறாது. ஆகவே 2 0 6-இன் பாதி அலைநீள நிழல் துல்லியமாக 1 0 3-இன் இடத்தில் விழும். பழைய எண்ணிகள் ஃபோட்டானின் ஆற்றலைப் பார்த்து இதை ஓரளவு வடிகட்டின. சிசிடி கண்டறிவானுக்கு அந்த வேறுபாடு தெரியாது, வந்ததை எல்லாம் கூட்டிவைக்கும். எந்த l-ஐ இரட்டித்தாலும் இரட்டைப்படைதான் வரும், அதாவது கிளைடு அனுமதிக்கும் புள்ளி. அதனால் இந்தக் கலப்படம் சரியாக மறைய வேண்டிய இடங்களில் போய்ப் பொய்ச்சாட்சி சொல்கிறது. C மையத்தையும் இதேபோல் கெடுக்கும். SADABS-இல் இதைத் திருத்தவே ஓர் எண் கேட்கிறார்கள். நான் எப்போதும் என்டரைத் தட்டிக் கடந்துபோன கேள்வி அது.

என் முதல் பதில் கடிதத்தில், தரவுச் சீரமைப்பு முழுவதையும் மாணவி செய்ததாக எழுதினேன். பாதி அலைநீளத்தைப் பற்றி அவளுக்கு நான் ஒரு நாளும் சொல்லித்தந்ததில்லை என்பதை எழுதவில்லை. அவள் சொன்ன c கிளைடைத் தட்டிவிட்டவன் நான் என்பதையும் எழுதவில்லை.

பிறகு அதே படிகத்தை எடுத்து, குழாயை 33 கிலோவோல்ட்டில் வைத்து மறுபடி அளந்தோம். 0.355 ஆங்ஸ்ட்ராம் ஃபோட்டான் பிறக்க 34.9 கிலோவோல்ட்டாவது வேண்டும். அதற்குக் கீழே அது இருக்க வழியே இல்லை. மாலிப்டினத்தின் Kα பிறக்க 20 போதும், செறிவு குறையும், அவ்வளவுதான். நிதானமாக ஒவ்வொரு சட்டத்துக்கும் கூடுதல் நேரம் கொடுத்தோம். 23-இல் 21 மறைந்துபோயின.

மீதி இரண்டுக்கு வேறு கணக்கு. அவை ஒரு திருப்பத்தில் தெரிந்தன. அதே புள்ளியை வேறு திருப்பத்தில் அளந்தபோது இல்லை. கதிர் முதலில் ஒரு வலிய தளத்தில் பட்டு, அங்கிருந்து இன்னொரு தளத்தில் பட்டு, சுற்றுவழியாக அந்த இடத்துக்கு வந்து சேர்கிறது. 1937-இல் ரென்னிங்கர் வைரத்தின் 222 புள்ளியில் காட்டிய விளைவு அது. உண்மையான மீறல் என்றால் படிகத்தை எப்படித் திருப்பினாலும் நிற்க வேண்டும். இவை நிற்கவில்லை. P2₁/c-யில் சீர்செய்தபோது வளையத்தின் பிணைப்புகள் எல்லாம் 1.37-க்கும் 1.40-க்கும் இடையில் அமைதியாக உட்கார்ந்தன. திருத்தக் குறிப்பு அனுப்பினேன். பச்சை ஒளி பற்றிய பத்தியைத் திரும்பப் பெற்றேன். தவறு யாருடையது என்பதையும் அந்த வாசகருக்கு இரண்டாவது கடிதத்தில் எழுதினேன்.

இதிலும் எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது. P2₁/c-யின் மறைவுகள் வேறெந்த ஸ்பேஸ் குரூப்புக்கும் பொருந்தாது, அதனால் புள்ளிகளே தீர்ப்புச் சொல்லிவிட்டன. C2/c-க்கும் Cc-க்கும் அப்படியில்லை. இரண்டிலும் மறைகிற புள்ளிகள் ஒன்றேதான். சமச்சீர் மையம் தன்னளவில் எந்தப் புள்ளியையும் மறைப்பதில்லை. கால்டெக்கின் ரிச்சர்ட் மார்ஷ், Cc என்று அச்சான கட்டமைப்புகளை வரிசையாக எடுத்து அவற்றில் பல C2/c என்று காட்டினார். அங்கே குழாயின் மின்னழுத்தத்தைக் குறைத்துப் பயனில்லை, பிணைப்பு நீளங்களையும் |E²−1|-ஐயும்தான் கேட்க வேண்டும். என் பழைய கோப்புகளில் Cc என்று போட்ட படிகம் ஒன்று இருக்கிறது. அதுவும் பச்சைக்காக வளர்த்ததுதான். அதன் |E²−1| 0.94. அதை நான் இன்னும் C2/c-யில் ஓட்டிப் பார்க்கவில்லை.