திரும்பி வந்த ஆங்கிலம் சரி, போன தமிழ்?

பல நாடுகளில் ஒரே நேரத்தில் நடந்த ஆய்வொன்றின் தமிழ் வினாக்கொத்தைச் சரிபார்க்கிற வேலை எங்களிடம் வந்தது. நாங்கள் மூன்று பேர். ஒருவருக்குக் கிளிநொச்சி, ஒருவருக்கு மட்டக்களப்பு, ஒருவருக்கு ஹட்டன். தமிழாக்கத்தை ஏற்கெனவே ஒரு நிறுவனம் செய்து முடித்திருந்தது. அதோடு இன்னொரு கோப்பும் வந்தது: மீள்மொழிபெயர்ப்பு.

அது என்னவென்றால், முதலாமவர் ஆங்கிலக் கேள்வியைத் தமிழாக்குவார். மூல ஆங்கிலத்தைக் கண்ணாலும் காணாத இரண்டாமவர் அந்தத் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். தமிழ் தெரியாத தலைமைக் குழு இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும். ஒத்துப்போனால் பச்சை, விலகினால் சிவப்பு. ரிச்சர்ட் பிரிஸ்லின் என்ற உளவியலாளர் 1970இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த முறை பரவலானது. பத்து மொழியில் ஆய்வு நடத்துகிறவருக்குப் பத்து மொழியும் தெரியாதுதானே. அவருக்குக் கிடைக்கிற ஒரே யன்னல் இது.

இந்த யன்னலால் பிரயோசனம் இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எங்கட கோப்பிலேயே ஒரு நல்ல பிடி இருந்தது. மூலத்தில் 'கடந்த 12 மாதங்களில்' என்று இருந்தது, தமிழில் ஓரிடத்தில் மட்டும் 'கடந்த வருடம்' என்று வந்திருந்தது. வாசிக்கும்போது ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் ஜூன் மாதத்தில் ஒருவரிடம் 'கடந்த வருடம்' என்று கேட்டால், அவர் போன ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை நினைத்துப் பார்ப்பார். இந்த வருட ஐந்து மாதக் கஷ்டம் கணக்கிலேயே வராது. திரும்பி வந்த ஆங்கிலத்தில் அந்த விலகல் பளிச்சென்று தெரிந்தது. ஒரு சொல் விடுபட்டது, ஒரு 'இல்லை' தவறியது, ஒரு காலம் மாறியது: இப்படியானவற்றை இந்த முறை வடிவாகப் பிடிக்கும்.

பிரச்சினை பச்சை விழுந்த கேள்விகளில்தான் இருந்தது.

வினாக்கொத்தில் ஒரு பகுதி சாப்பாட்டைப் பற்றியது. ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் எட்டுக் கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று உலகம் முழுக்கப் பாவனையில் இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். எங்கட படிவத்திலும் அதே பாணிக் கேள்விகள். முதல் கேள்வி, காசில்லாததால் போதிய சாப்பாடு இல்லாமல் போய்விடுமோ என்ற மனக்கலக்கம் வந்ததா என்பது. இன்னும் பசி வரவில்லை, வரப்போகிறதோ என்ற நிலையை அது கேட்கிறது. தமிழில் இப்படி இருந்தது: 'போதியளவு உணவு கிடைக்காது என நீங்கள் கவலையடைந்தீர்களா?' மீள்மொழிபெயர்ப்பில் மூல ஆங்கிலம் அச்சொட்டாகத் திரும்பி வந்தது. பச்சை.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு அம்மாவிடம் இதை வாசித்தோம். உடனே பதில் வந்தது: "கவலைப்பட்டு என்ன செய்யிறது பிள்ளை. இருந்ததைச் சாப்பிட்டது." இது 'இல்லை' என்றுதான் பதிவாகும். நாங்கள் விடாமல் கேட்டோம்: "அம்மா, இந்தக் கேள்வி என்ன கேட்குது எண்டு உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்கோ." அவர் சொன்னார்: "சாப்பாடு இல்லையெண்டு இருந்து அழுதனானோ எண்டு கேட்கிறியள்." பிறகு தானாகவே தொடர்ந்தார்: "நாளைக்குப் பிள்ளையளுக்கு என்ன குடுக்கிறது எண்டு யோசிக்காத நாளில்லை. யோசிச்சு யோசிச்சு நித்திரையும் இல்லை."

மூலக் கேள்வி தேடியது அந்த யோசனையைத்தான். எங்கட ஊர்களில் 'கவலை' என்றால் பெரும்பாலும் துக்கம். செத்தவீட்டுக்குப் போய்வந்து சொல்வது கவலை. வரப்போவதை நினைத்து மனம் கிடந்து உலைவதற்கு யோசனை என்போம். "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்று ஆறுதல் சொல்வது அதனால்தான். அந்த அம்மாவுக்குக் கேள்வியின் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது, ஆனால் அவர் காதில் விழுந்தது வேறு கேள்வி.

சரி, 'யோசனை' என்று மாற்றி அனுப்பினோம். அந்தத் தமிழ் மீள்மொழிபெயர்ப்புக்குச் சென்னையில் இருந்த ஒருவரிடம் போனது. அவருக்கு யோசிப்பது என்றால் சிந்திப்பது. 'உணவைப் பற்றிச் சிந்தித்தீர்களா' என்ற பொருளில் ஆங்கிலம் திரும்பியது. சிவப்பு. அவரில் ஒரு பிழையும் இல்லை, அவருடைய தமிழில் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். ஆனால் விளைவைப் பாருங்கள்: விளங்காத கேள்விக்குப் பச்சை, விளங்கின கேள்விக்குச் சிவப்பு.

இரண்டாவது சம்பவம் இன்னும் நுணுக்கமானது. காசு போதாததால் ஒரு நேரச் சாப்பாட்டை விடவேண்டி வந்ததா என்பது கேள்வி. தமிழ் இப்படி: 'உணவைப் பெறுவதற்குப் போதிய பணமோ ஏனைய வளங்களோ இல்லாத காரணத்தினால் ஒரு வேளை உணவைத் தவிர்க்க வேண்டியிருந்ததா?' இதுவும் சொல்லுக்குச் சொல் திரும்பி வந்தது. மட்டக்களப்பில் ஒரு ஐயா "ஓம், சீனி வருத்தம் எண்டு டொக்டர் தவிர்க்கச் சொன்னவர்" என்றார். ஹட்டனில் ஒரு அக்கா "நாங்க எதையும் தவிர்க்கல" என்றார். கொஞ்சம் கதைத்தபோது, மாதக் கடைசியில் இரவுக்கு வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்த கதை வந்தது.

தவிர்ப்பது என்றால் நாங்களாக வேண்டாம் என்று விலக்குவது. எண்ணெய்ச் சாப்பாட்டைத் தவிர்க்கலாம், ஒருவரைச் சந்திப்பதைத் தவிர்க்கலாம். இல்லாதவர் எதைத் தவிர்க்கிறது? காரணத்தைத்தான் கேள்வியிலேயே சொல்லியிருக்கிறதே என்று கேட்பீர்கள். ஆங்கிலத்தில் அந்தக் காரணம் கடைசியில் வருகிறது, காதில் தங்குகிறது. தமிழில் அது முன்னுக்குப் போய் நீண்டு கிடக்க, கடைசியாக விழுகிற 'தவிர்க்க வேண்டியிருந்ததா' என்பதற்குத்தான் ஆட்கள் பதில் சொல்கிறார்கள். 'வளங்கள்' என்றதும் ஒருவர் மண்வளத்தைப் பற்றியே கதைக்கத் தொடங்கிவிட்டார்.

பலதையும் முயன்று இப்படி மாற்றினோம்: 'காலையோ மத்தியானமோ இரவோ, ஏதாவது ஒரு நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டி வந்ததா? காசில்லாமல், இல்லாட்டி சாப்பாட்டுக்கு வேறு வழியில்லாமல் அப்படி நடந்ததா?' தேத்தண்ணி மட்டும் குடித்தால் சாப்பிட்டதாக எடுக்கக்கூடாது என்று கேள்வி கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பும் சேர்த்தோம். முதல் கேள்வியில் 'யோசனையோ பயமோ இருந்ததா' என்று இரண்டு சொல்லையும் வைத்தோம். மூன்று ஊரிலும் அது பிடிபட்டது.

ஏன் இப்படித் தலைகீழாகிறது? தமிழ் எவ்வளவுக்கு ஆங்கிலத்தின் எலும்புக்கூட்டைச் சுமக்கிறதோ, அவ்வளவுக்கு அது லேசாக ஆங்கிலத்துக்குத் திரும்பும். அதனால் இந்தச் சோதனை சொல்லுக்குச் சொல்லான தமிழுக்குப் புள்ளி போடுகிறது. சனம் கதைக்கிற தமிழுக்குப் புள்ளி வெட்டுகிறது. பிரிஸ்லினே தன்னுடைய கட்டுரையில் இதைச் சொல்லி எச்சரித்திருக்கிறார்: மூலமொழியின் இலக்கண வடிவம் அப்படியே கடந்து வந்தால், மோசமான மொழிபெயர்ப்பும் அழகாகத் திரும்பும். இரண்டு மொழிபெயர்ப்பாளருக்கும் ஒரே அகராதிப் பழக்கம் இருந்தாலும் அப்படித்தான். கெட்டிக்கார இரண்டாமவர் தடுமாறுகிற தமிழை ஊகித்து நல்ல ஆங்கிலமாக்கிவிடுவதும் உண்டு. ஆய்வுத்துறையில் பழகியவர் 'கவலையடைந்தீர்களா' என்பதைக் கண்டவுடன் எந்த ஆங்கிலச் சொல் அங்கே இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

ஐரோப்பிய சமூக ஆய்வு இதனால் வேறு வழியில் போகிறது. ஜேனட் ஹார்க்னஸ் என்ற ஆய்வாளர் வகுத்த ஐந்து படிகள் அதற்கு அடிப்படை. இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும், கூடியிருந்து பார்க்க வேண்டும், ஒருவர் முடிவெடுக்க வேண்டும், ஆட்களிடம் முன்சோதனை செய்ய வேண்டும், எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். அங்கே கேள்வியின் தமிழோ போலிஷோ நேரடியாக விவாதிக்கப்படும். திரும்பி வந்த ஆங்கிலத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை.

எங்களுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. மீள்மொழிபெயர்ப்பு ஒப்பந்தத்திலேயே இருந்தது. எங்களால் செய்ய முடிந்தது, ஒப்பீட்டு அட்டவணையில் இன்னொரு பத்தியைச் சேர்த்ததுதான். ஒவ்வொரு சிவப்புக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதினோம்: தமிழில் இந்தச் சொல் என்ன செய்கிறது, பழைய வடிவத்துக்கு ஆட்கள் சொன்ன பதில் என்ன, புதியதற்குச் சொன்னது என்ன. அந்த அம்மா சொன்ன 'யோசிக்காத நாளில்லை' அப்படியே அங்கே போனது, விளக்கத்தோடு. தலைமைக் குழு வாசித்தது. அந்த இரண்டு கேள்வியும் எங்கட வடிவத்திலேயே நின்றன. வேறு சிலதில் சொல்லுக்குச் சொல் ஒப்பு வேண்டுமென்று நின்றார்கள், அவை பழையபடியே போயின.

அப்படிப் போனவை என்னாகும்? களத்துக்குப் போகிற பிள்ளைகள் எழுத்துத்தமிழ்க் கேள்வியை வாசிப்பார்கள், எதிரில் இருப்பவர் முழிப்பார், உடனே தங்கட பாஷையில் விளங்கப்படுத்துவார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி. காகிதத்தில் ஒரு கேள்வி, வீடுகளில் நூறு கேள்வி. அறிக்கையில் அது தெரியாது. தெரிவது ஒரு எண் மட்டும்தான். யோசனை பற்றிய கேள்விக்கு இலங்கைத் தமிழரில் குறைவான பேர் ஆம் சொன்னார்கள் என்றால், இங்கே பசிப்பயம் குறைவு என்றுதான் பக்கத்து நாட்டோடு ஒப்பிட்டு எழுதுவார்கள். உதவி எங்கே போகவேண்டும் என்று பார்க்கிறவர் அந்த வரியைத்தான் வாசிப்பார்.

தரவு வந்தபிறகும் ஒரு தடயம் மிஞ்சும். இந்த எட்டுக் கேள்விகளும் லேசானதிலிருந்து கடுமையானதுக்குப் போகிறவை. சாப்பாட்டை நினைத்து யோசிக்கிறவர் பலர், முழுநாளும் பட்டினி கிடந்தவர் சிலர். லேசான கேள்விக்கு 'இல்லை' சொன்னவர்களில் நிறையப் பேர் கடுமையானதற்கு 'ஓம்' சொல்லியிருந்தால், சனத்தைச் சந்தேகப்பட முதல் கேள்வியின் தமிழைச் சந்தேகப்படுங்கள்.

மீள்மொழிபெயர்ப்பு வேலை உங்களில் யாருக்காவது வரலாம், பல்கலைக்கழகப் பிள்ளைகளிடம்தான் இது அதிகம் வருகிறது. செய்யும்போது ஆங்கிலத்தை அழகுபடுத்தாதீர்கள். தமிழ் தடுமாறினால் ஆங்கிலமும் தடுமாறட்டும். ஒரு சொல்லுக்கு ஊரில் வேறு அர்த்தம் இருந்தால் பக்கத்தில் குறிப்பெழுதுங்கள், கேட்காவிட்டாலும் எழுதுங்கள். அனுப்ப முதல் கேள்வியை ஒரு அம்மாவிடம் வாசித்துக்காட்டி, பதிலைக் கேட்காமல், கேள்வி என்ன கேட்கிறது என்று கேளுங்கள். பத்துப் பன்னிரண்டு பேர் காணும். ஐந்தாவது ஆளிலேயே எந்தச் சொல் இடறுகிறது என்று தெரியத் தொடங்கிவிடும்.